லாபம் இருந்தால் கையில் காசு இருக்குமா?

நம்பிக்கை: லாபத்தில் ஓடும் தொழிலுக்கு ரொக்கத் தட்டுப்பாடு வராது.

வரும், அதுவும் வியாபாரம் சூடு பிடிக்கும் மாதத்திலேயே வரும். தீபாவளி அக்டோபரில் வரும் ஓர் ஆண்டில் திருப்பூரில் ஒரு சிறு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க ஜிஎஸ்டியை விட்டுவிடுகிறேன். விற்பனை ஆகஸ்டில் 10 லட்சம், செப்டம்பரில் 12 லட்சம், அக்டோபரில் 18 லட்சம். பாதிப் பணம் விற்ற மாதத்திலும் மீதி அடுத்த மாதத்திலும் வரும்.

செப்டம்பரில் விற்ற சரக்குக்கான துணி 6 லட்சம், கூலியும் மின்சாரமும் 3 லட்சம், கடன் வட்டி 20,000, தேய்மானம் 20,000. லாபம் 2.6 லட்சம்.

இப்போது அதே மாதத்தின் ரொக்கக் கணக்கு. தொடக்க இருப்பு 1 லட்சம். வரவு, இந்த மாத விற்பனையில் பாதி 6 லட்சமும் ஆகஸ்ட் பாக்கி 5 லட்சமும் சேர்ந்து 11 லட்சம். செலவில்தான் வித்தியாசம். அக்டோபரில் விற்கப்போகும் சரக்குக்குத் துணி வாங்க இப்போதே 9 லட்சம் கொடுத்தாக வேண்டும். கூலி, மின்சாரம் 3 லட்சம். கடன் தவணை, வட்டியும் அசலுமாக 50,000. இருந்ததும் வந்ததும் 12 லட்சம், போனது 12.5 லட்சம். மாத இறுதியில் 50,000 பற்றாக்குறை!

நம்பிக்கை: லாப நட்டக் கணக்கில் உள்ள செலவுகளை அப்படியே ரொக்க பட்ஜெட்டில் எழுதலாம்.

தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, அதனால் அது இங்கே வராது. தவணையில் உள்ள அசல் லாப நட்டக் கணக்கில் இருக்காது, ஆனால் இங்கே கட்டாயம் வரும்.

நம்பிக்கை: மாத இறுதி இருப்பு நன்றாக இருந்தால் போதும்.

செப்டம்பர் பற்றாக்குறையை ஓவர்டிராஃப்டில் சமாளித்ததாக வைத்துக்கொண்டால், அக்டோபரின் தொடக்க இருப்பு மைனஸ் 50,000. வரவு 15 லட்சம். துணிக்கு 4, கூலி மின்சாரத்துக்கு 3.5, போனஸுக்கு 2, தவணை அரை என்று செலவு 10 லட்சம். இறுதி இருப்பு 4.5 லட்சம். பார்க்க நிம்மதியான எண்தான். ஆனால் மாதத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வியாபாரிகள் பலர் பண்டிகை விற்பனை முடிந்த பிறகே பாக்கி தீர்ப்பார்கள். முதல் 15 நாளில் 5 லட்சம்தான் வருகிறது என்றால், அதற்குள் துணி, போனஸ், கூலியில் ஒரு பகுதி என 7.5 லட்சம் போய்விடும். 15ஆம் தேதி பற்றாக்குறை 3 லட்சம். ஓவர்டிராஃப்ட் வரம்பு 1 லட்சம்தான் என்றால் கொடுத்த செக் திரும்பும்.

பண்டிகை மாதங்களுக்காவது வாரவாரியாக எழுதுவது இதற்காகத்தான். போனஸைத் தள்ளிப்போட முடியாது. துணிக் கடைக்காரரிடம் செப்டம்பரிலேயே பேசி அந்த 4 லட்சத்தை மாதக் கடைசிக்கு மாற்றிக்கொண்டால், 15ஆம் தேதி பற்றாக்குறைக்குப் பதில் 1 லட்சம் கையிருப்பு இருக்கும்.