ரீஃபண்ட் பெரிதாக வருகிறதா? டபிள்யூ-4 படிவத்தைத் திருத்துங்கள்!

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் கூடுகிற இடமெல்லாம் "உங்களுக்கு எவ்வளவு ரீஃபண்ட்?" என்பதுதான் பேச்சு. ஆறாயிரம் டாலர் வந்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது அவருடைய சம்பளப் பணமேதான். ஒரு வருடம் தாமதமாகக் கைக்கு வந்திருக்கிறது.

1. வரித் தாக்கல் செய்த 1040 படிவத்தை எடுத்துப் பாருங்கள். 24-ஆம் வரியில் உங்கள் மொத்த வரி இருக்கும். 25டி-யில் முன்கூட்டியே பிடித்த தொகை இருக்கும். பிடித்தது அதிகம் என்றால் மிச்சம் ரீஃபண்டாக வரும். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு சில சலுகைகளைப் பணமாகவே தருவதுண்டு. அந்தப் பங்கு மட்டும் நீங்கள் கொடுத்த கடன் அல்ல.

2. மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்பதைக் கம்பெனி தானாக முடிவு செய்வதில்லை. வேலையில் சேர்ந்த அன்று நீங்கள் நிரப்பிக் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு 'சிங்கிள்' என்று எழுதிக் கொடுத்ததோடு அதை மறந்து விடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024-இல் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தை ஒன்று. பழைய 'சிங்கிள்' படிவத்தின்படி ஏறக்குறைய 11,640 டாலர் பிடித்திருப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், குழந்தைக்கான 2,000 டாலர் சலுகையும் போக, உண்மையில் கட்டவேண்டியது 4,832 டாலர்தான். சுமார் 6,800 டாலர் ரீஃபண்ட்! இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால், ஒவ்வொரு சம்பளத்திலும் 260 டாலர் வீணாக வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

3. இதற்கு வட்டி கிடைக்குமா? கிடைக்காது. கெடுவுக்குள் தாக்கல் செய்தால், கெடு தேதியிலிருந்து 45 நாளுக்குள் பணத்தை அனுப்பிவிட்டால் ஐஆர்எஸ் வட்டி தரவேண்டியதில்லை. அதே பணம் 4 சதவீத சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் மார்ச் வரைக்கும் 200 டாலர் போல வட்டி வந்திருக்கும். 'இவ்வளவுதானா' என்று தோன்றலாம். ஆனால், அவரே 22 சதவீத வட்டியில் கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருந்தால், அந்த 260 டாலரை அவ்வப்போது கட்டி ஆயிரம் டாலருக்கு மேல் வட்டியை மிச்சப்படுத்தியிருக்கலாம். அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, வங்கிக்கு வட்டி கட்டுவது எந்த ஊர் நியாயம்?

4. சரி, எப்படித் திருத்துவது? சமீபத்திய சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு irs.gov/W4App பக்கத்துக்குப் போங்கள். கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் படிவத்தில் என்ன எழுதவேண்டும் என்று அதுவே சொல்லும். மேலே சொன்ன குடும்பத்துக்கு இரண்டே மாற்றம்தான்: முதல் பகுதியில் 'கணவன் மனைவி கூட்டுத் தாக்கல்', மூன்றாம் பகுதியில் குழந்தைக்கான தொகை (2025-இல் இது 2,200 டாலர்). நிரப்பி ஹெச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள். ஐஆர்எஸுக்கு அனுப்பவேண்டியதில்லை. ஜூலையில் மாற்றினால், ஜனவரி முதல் கூடுதலாகப் போனது அடுத்த வருட ரீஃபண்டில்தான் வரும். அதனால், கல்யாணமோ குழந்தையோ ஆன கையோடு மாற்றுவது நல்லது.

5. போனஸுக்குப் பெரும்பாலும் ஒரே சீராக 22 சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் 12 சதவீத வரம்பில் இருந்தால் அதுவும் ரீஃபண்டை வீங்கவைக்கும்.

6. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீட்டில் கதை தலைகீழ். இருவரும் 'கூட்டுத் தாக்கல்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் பிடித்தம் குறைந்து, ஏப்ரலில் கையிலிருந்து கட்டவேண்டிவரும். இரண்டாம் பகுதியில் இருக்கும் '2சி' கட்டத்தை இருவருமே டிக் செய்யவேண்டும். இருவர் சம்பளமும் ஏறத்தாழ சமமாக இருந்தால்தான் இது சரியாக வரும். இல்லாவிட்டால் நான்காவது குறிப்பில் சொன்ன பக்கமே கதி. பாக்கி 1,000 டாலருக்குக் கீழ் இருந்தாலோ, இந்த வருட வரியில் 90 சதவீதம் ஏற்கெனவே பிடித்திருந்தாலோ அபராதம் இல்லை.

7. "கையில் வந்தால் செலவாகிவிடும், அரசிடமே இருக்கட்டும்" என்பவர்கள் உண்டு. அதற்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை நேராகச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். நிறைய கம்பெனிகளில் அந்த வசதி இருக்கிறது. அவசரத்துக்கு எடுக்கவும் முடியும்.

8. மேலே சொன்னதெல்லாம் மத்திய வரிக்கு. மாநில வரிக்குப் பல மாநிலங்களில் தனிப் படிவம் உண்டு. கலிபோர்னியாவில் அது டிஇ-4. அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். டெக்சாஸ்காரர்களுக்கு அந்த வேலையே இல்லை. அங்கே மாநில வருமான வரி கிடையாது.