சாம்பல் சிமெண்ட் கலப்படமா?

எங்க வீட்டு வேலைக்கு இறக்கின மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தது. "இதுல சாம்பல் இருக்காம், கலப்படம், திருப்பி அனுப்பு" என்று எங்க ஆத்தா சண்டை போட்டது. அது கலப்படம் இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

சாதா சிமெண்டை (ஓ.பி.சி.) தண்ணீரில் குழைத்தால் கெட்டிப்படும்போதே கொஞ்சம் சுண்ணாம்பும் வெளிவரும். அதற்குப் பலம் கிடையாது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பலைக் கலந்தால், அது அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து அதையும் கெட்டியாக்கிவிடும். நுண்துளைகள் அடைபடும், உப்புத் தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது. ஆனால் இது மெதுவாக நடக்கும். தரக்கட்டுப்பாட்டு விதிப்படி, 53 கிரேடு சாதா சிமெண்ட் 3 நாளில் குறைந்தது 27 பலம் காட்ட வேண்டும், சாம்பல் சிமெண்டுக்கு 16 போதும். (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்கு.)

எங்க இடம் உவர் மண். வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மாதிரி மண்ணில் அஸ்திவாரத்துக்கு இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. ரொம்ப நல்லது. உப்பை அது நன்றாகத் தாங்கும். எங்க கடையில் அது இல்லை, அதனால் பி.பி.சி.யே போட்டோம்.

தளத்துக்குத்தான் பெரிய வாக்குவாதம். 53 கிரேடு வாங்கினால் 7-ஆம் நாளே சென்ட்ரிங் பிரிக்கலாம், அடுத்த வேலைக்குப் போகணும் என்றார் கொத்தனார் மாமா. நாலரை மீட்டருக்குள் அகலமுள்ள தளத்துக்கு சாதா சிமெண்டில் 7 நாள் முட்டுக் கொடுத்தால் போதும் என்பது சரிதான். எங்க அறை 12 அடிதான். ஆனால் சாம்பல் சிமெண்ட் என்றால் அந்த 7 நாள் கணக்கு பொருந்தாது. ஓவர்சியர் சார் 14 நாள் வைக்கச் சொன்னார். ஒரு வாரம் கூடுதல் வாடகை போனாலும் பரவாயில்லை என்று அப்பா முட்டை எடுக்கவிடலை. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அவசரமாகப் பிரிக்க வேண்டியவர்கள் மட்டும் சாதா சிமெண்ட் வாங்கலாம்.

பூச்சுக்கு சாம்பல் சிமெண்ட்தான் வசதி. கரண்டிக்கு வழுவழுப்பாக வரும், சூடு குறைவு, மயிர்க்கோடு வெடிப்பும் குறைவு. ஆனால் பூச்சு அரை அங்குலம்தான், சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் அந்தச் சுண்ணாம்பு வேலை நின்றுபோகும். 10 நாளாவது நனைக்கணும். தண்ணீர் அடிக்கிற வேலை என்னுடையது. பரீட்சை என்று மேற்குச் சுவரை இரண்டு நாள் விட்டுட்டேன். அப்புறம் ஆணியால் கீறிப் பார்த்தால் மற்ற சுவரில் வெறும் கோடுதான் விழுந்தது, மேற்குச் சுவரில் மாவு மாதிரி கொட்டியது. ஜன்னலுக்குக் கீழே கொத்தித் திரும்பப் பூசினார்கள். இந்தத் தடவை ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருக்கோம்.