கொப்புளம்: ஷூவின் குற்றமா, சாக்ஸின் குற்றமா?

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து இறங்கினால் வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வரும். அந்த ஊருக்குள் செருப்போ ஷூவோ போட்டு நடக்கக் கூடாது என்பது வழக்கம். முதல்முறை போனபோது ஊர் எல்லையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைப் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. அன்று மழை இல்லை, ஓடையிலும் இறங்கவில்லை. காலைப் பனியில் நனைந்த புல்லும் என் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை அது. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஒரு நாணய அளவுக்குச் சிவந்து எரிந்தது. அங்கிருந்து கும்பக்கரை வரை இறங்கி முடிப்பதற்குள் அந்த இடம் நீர்க்கொப்புளமாகிவிட்டது.

“புது ஷூ கடிச்சிருச்சு” என்றார்கள் கூட வந்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஷூவுக்கு அதில் பங்கு உண்டுதான். ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போட்டது தவறு.

நம்பிக்கை: ஷூ தோலைத் தேய்ப்பதால்தான் கொப்புளம் வருகிறது.

தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் வேறு வழியில் உண்டாகிறது. ஆள்காட்டி விரலை மறுகையின் புறங்கையில் அழுத்திவைத்து, நழுவவிடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரல் தோலின் மேல் ஓடவில்லை. தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அடியில் இருக்கும் எலும்பு மட்டும் அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் சதையும் தோலும் இழுபடுகின்றன. ஷூவுக்குள் நடப்பது இதன் தலைகீழ். ஈரமான சாக்ஸ் தோலைப் பிடித்து நிறுத்திவிடும், உள்ளே எலும்பு முன்னே போய்ப் பின்னே வரும். ஆயிரக்கணக்கான அடிகளுக்கு இது தொடர்ந்தால் மேல்தோலின் நடு அடுக்கில் சிறு கிழிசல்கள் உண்டாகி, அந்த இடைவெளியில் நீர் கோக்கும். முதலில் கிழிவது உள்ளே என்பதால்தான், மேலே தோல் முழுதாக இருக்கும்போதே கொப்புளம் உப்பி நிற்கிறது.

ஏறும்போது இது பெரும்பாலும் குதிகாலில் வரும். இறங்கும்போது கால் முன்னோக்கிச் சரிவதால் விரல்களிலும் முன்பாதத்திலும் வரும். எனக்கு வந்த இடம் இறக்கத்துக்குப் பொருத்தமான இடம்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பணம் எண்ணுகிறவர் விரல் நுனியை நனைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த விரல் நோட்டில் வழுக்கும், லேசாக நனைந்த விரல் பற்றும். தோலும் அப்படித்தான். நன்றாக உலர்ந்த தோலைவிட நசநசப்பான தோல் சாக்ஸை அதிகமாகப் பற்றிக்கொள்கிறது.

நம்பிக்கை: உடம்புக்கு நல்லது பருத்தி, காலுக்கும் அதுவே நல்லது.

சட்டைக்கு இது சரி. நம் வெயிலில் பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சும், காற்று பட்டு உலரும், உடம்பு குளிரும். ஷூவுக்குள் அந்தக் காற்று இல்லை. உறிஞ்சிய நீர் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. நனைந்த பருத்தி நூல் துவண்டு, சாக்ஸின் பஞ்சுத்தன்மை போய், பாதத்தின் அழுத்தத்தில் தட்டையாகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த துணி குதிகாலில் மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பே இன்னொரு அழுத்தப் புள்ளி.

வீட்டிலிருந்து அலுவலகம் போய் வர, பருத்தி சாக்ஸில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஐந்தாறு மணி நேர மலை நடைக்குத்தான் அது வேண்டாம்.

நம்பிக்கை: கம்பளி சாக்ஸ் குளிர் நாட்டுக்காரர்களுக்கு; நமக்கு வேகும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும் சக்தி பருத்தியைவிடக் கம்பளிக்கு அதிகம். சாதாரண அறைச் சூழலில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், கம்பளி சுமார் 16 சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. அப்படியானால் கம்பளிதானே அதிகம் நசநசக்க வேண்டும்? நசநசப்பதில்லை. அது ஈரத்தை ஆவியாக இழைக்குள் வாங்கிக்கொள்கிறது. இழையின் வெளிப்புறமோ நீரை ஒட்டவிடாத தன்மை கொண்டது. மேலும், இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் ஓரளவு நனைந்தாலும் ஸ்பிரிங் போல நிமிர்ந்து நிற்கும். தோலுக்கும் ஷூவுக்கும் இடையிலான மெத்தை தட்டையாகிவிடுவதில்லை.

வேகுமா என்பது சாக்ஸின் தடிமனைப் பொறுத்தது. மெரினோ என்ற மெல்லிய ரகக் கம்பளியில் பின்னிய மெல்லிய சாக்ஸ் கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போதும். தனிக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகும் என்பதால் நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக் நூலும் கலந்துதான் பின்னுகிறார்கள். அந்தக் கலப்பைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் வரை நனையும் மழைக்கால நடைக்கு மட்டும் கம்பளியை நான் எடுப்பதில்லை. முழுக்க ஊறிவிட்டால் அது காய நேரமாகும், செயற்கை இழை முந்திக்கொள்ளும்.

நம்பிக்கை: செயற்கை இழை சாக்ஸ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஹெர்ரிங், ரிச்சி என்ற இரு அமெரிக்கப் பாத மருத்துவர்கள் 1990-இல் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரி அடர்த்தியாகப் பின்னிய சாக்ஸ். ஒன்று பருத்தி, ஒன்று அக்ரிலிக். அக்ரிலிக் போட்டவர்களுக்குக் கொப்புளங்கள் குறைவாகவும் சிறியதாகவும் வந்தன. இதை மட்டும் படித்தவர்கள் இன்றுவரை அக்ரிலிக்கைக் கொண்டாடுகிறார்கள். அவர்களே 1993-இல் சாதாரணப் பின்னல் கொண்ட சாக்ஸில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இழை நல்லதாக இருந்தும், அடர்த்தியான பின்னல் இல்லாதபோது அது கைகொடுக்கவில்லை.

ஷூவும் ஒத்துழைக்க வேண்டும். பாலியஸ்டர், அக்ரிலிக் போன்றவை வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்பக்கம் கடத்திவிடும். ஆனால் வெளியே நிற்பது ரெக்சின் ஷூவாகவோ, நீர் புகாத உறை வைத்த பூட்ஸாகவோ இருந்தால் கடத்திய ஈரம் எங்கே போகும்? நம் வெப்பத்தில் அந்த உறையையும் மீறி வியர்வை தேங்கும். வலைத்துணி வைத்த ஷூவோடு சேர்ந்தால்தான் அந்த சாக்ஸ் தன் வேலையை முழுதாகச் செய்யும்.

நம்பிக்கை: இரண்டு சாக்ஸ் போட்டால் ஷூ கடிக்காது.

பாதி உண்மை. இரண்டு அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால், தோலைப் பிடித்து இழுக்கும் வேலை குறையும். அதற்கு உள்ளே மெல்லிய, வழுவழுப்பான செயற்கை இழையும் வெளியே அடர்த்தியான கம்பளிக் கலப்பும் வேண்டும். இரண்டு பருத்தி சாக்ஸைப் போட்டு, அதே பழைய அளவு ஷூவுக்குள் காலைத் திணித்தால் அழுத்தம் கூடி, பிடிப்பும் கூடும்.

என் கதைக்குத் திரும்பினால், அன்று நான் போட்டிருந்தது தடித்த பருத்தி சாக்ஸ். ஷூ வாங்கியபோது அளவு பார்த்ததோ, கடைக்காரர் கொடுத்த மெல்லிய நைலான் உறையில். மலைக்குப் போனபோது உள்ளே இடமே இல்லை. அடுத்தமுறை கம்பளிக் கலப்பில் போனேன், லேஸை இறக்கத்துக்கு முன் இறுக்கினேன், வெள்ளகவியில் கழற்றியபோது காலைத் துடைத்து உலர்ந்த மாற்று ஜோடிக்கு மாறினேன். கொப்புளம் வரவில்லை. ஒருவர் அனுபவம் சோதனை ஆகாதுதான்.

ஆகவே அடுத்த ஷூ வாங்கப் போகும்போது, மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் பையில் எடுத்துப் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள். நடுவழியில் ஓரிடம் சுடுகிறது என்று தோன்றினால், ஊர் எல்லை வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிடுங்கள்.