ரத்தம் இல்லாத விபத்து

கேள்வி: ஹெல்மெட், சீட் பெல்ட் விளம்பரத்தில் ரத்தத்தைக் காட்டினால்தானே பயம் வரும்? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: ரத்தத்தைப் பார்த்தால் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2010-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் வெளியான 'எம்ப்ரேஸ் லைஃப்' குறும்படத்தில் காரே கிடையாது. வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து ஒருவர் கார் ஓட்டுவதுபோல் நடிக்கிறார். மோதல் வரும் நொடியில் மகள் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். மனைவி பின்னாலிருந்து தோளையும் மார்பையும் அணைக்கிறார். வசனமே இல்லை.

அந்தக் கைகள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பெல்ட்டும் அங்கேதான் இருக்க வேண்டும்: கீழ்ப்பட்டி இடுப்பெலும்பில், மேல்பட்டி தோள் வழியே மார்பில். கீழ்ப்பட்டி வயிற்றுக்கு ஏறினால் மோதலில் குடல் காயப்படும்.

நம்மூருக்கு எடுப்பதானால், கரும்பு டிராக்டர்கள் போகும் கடலூர்-பண்ருட்டி சாலைக்குக் கிளம்பும் அப்பாவின் தாடைக்கடியில் மகள் ஹெல்மெட் வாரை மாட்டும் காட்சியை வைப்பேன். போலீஸைக் கண்டதும் வாரை மாட்டாமல் கவிழ்த்துக்கொள்வது நம் வழக்கமாயிற்றே! அந்த ஹெல்மெட், தலை தரையில் மோதும் முன்பே கழன்று போகக்கூடும். உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது மீளாது. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டியதுதான்.