மேலே தெரியும் மரமும் உள்ளே இருக்கும் பலகையும்
மரச்சாமான் விற்பனைக் குறிப்பு எழுதும் முறை

ராஜஸ்தானின் ஜோத்பூர் நகரம் ஷீஷம், மாமரம் ஆகியவற்றால் செய்யப்படும் மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சிறு பட்டறை ஒன்று, இணையச் சந்தையின் வழியாக நாடு முழுவதும் கட்டில்களை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விற்பனைக் குறிப்பு இவ்வாறு இருக்கிறது: “ஷீஷம் மரக் கட்டில், சேமிப்புப் பெட்டியுடன். தேக்கு ஃபினிஷ். உயர்தர மரத்தால் ஆனது.” மும்பையில் ஒருவர் அதை வாங்குகிறார். கட்டிலைப் பொருத்த வந்த தச்சர் தலைமாட்டுப் பலகையைத் திருப்பியபோது, அதன் பின்விளிம்பில் மரவரி எதுவும் இல்லாத, அட்டையைப் போன்ற பழுப்புநிறப் பரப்பு தெரிகிறது. வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணிக் கட்டிலைத் திருப்பி அனுப்புகிறார்.

கட்டிலில் குறை ஏதும் இல்லை. கால்களும் சட்டகமும் உண்மையிலேயே ஷீஷம் மரந்தான். தலைமாட்டுப் பலகை எம்.டி.எஃப்.; அதன்மேல் ஷீஷம் வெனீர் ஒட்டப்பட்டிருந்தது. மெத்தை அமரும் தளம் பிளைவுட். குறை முழுவதும் எழுத்தில் இருந்தது.

அந்தக் குறையின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டிலின் விலை 32,000 ரூபாய், அதில் பட்டறைக்குக் கிடைக்கும் லாபம் 4,000 ரூபாய், அனுப்பும் செலவு 3,500 ரூபாய், திரும்பக் கொண்டுவரும் செலவு மற்றொரு 3,500 ரூபாய் என்று கொள்வோம். விற்பனை நின்றதோடு 7,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இது ஏறக்குறைய வேறு இரண்டு கட்டில்களின் லாபம். வழியில் ஏற்படும் கீறலும் உடைப்பும் இக்கணக்கில் சேரவில்லை. நடைமுறை மூலதனக் கடனில் தொழில் நடத்துவோருக்கு இது சிறிய தொகையன்று.

மூன்று சொற்களின் பொருள்

திடமரம் என்பது அறுத்த மரம். பேச்சு வழக்கில் இதனைச் ‘சாலிட் வுட்’ என்கிறோம். மேற்பரப்பில் காணும் மரமே உட்புறமும் தொடர்கிறது. அகலமான பலகை தேவைப்படும்போது, குறுகிய பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவார்கள். அதுவும் திடமரமே, ஆயினும் ஒட்டி இணைத்தது என்பதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில், இணைப்புக் கோட்டைக் காண்பவர் அதனை விரிசல் என்று நினைக்கக்கூடும்.

என்ஜினீயர்டு வுட் என்பது மரத்தைத் தகடாகவோ, சீவலாகவோ, நாராகவோ பிரித்து, பசையுடன் அழுத்திச் செய்த பலகைகளுக்கு உரிய பொதுப்பெயர். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டினால் அது பிளைவுட். மரநாரை அழுத்தினால் எம்.டி.எஃப். மரச்சீவலை அழுத்தினால் பார்ட்டிக்கிள் போர்டு. இம்மூன்றும் வலிமையிலும் விலையிலும் ஈரத்தைத் தாங்கும் தன்மையிலும் வேறுபடுகின்றன. ஆகவே ‘என்ஜினீயர்டு வுட்’ என்று மட்டும் எழுதுவது, தானியம் என்று சொல்லி எந்தத் தானியம் என்பதை மறைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதான வெனீர்தான் குழப்பத்தின் ஊற்று. வெனீர் என்பது உண்மையான மரத்திலிருந்து சீவி எடுத்த மெல்லிய தோல். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அது தனித்து நிற்கும் பலகையன்று; வேறொரு பலகையின்மேல் ஒட்டப்படுவது. எனவே ‘ஷீஷம் வெனீர்’ என்று மட்டும் எழுதினால், மேலே என்ன இருக்கிறது என்பது தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. வெனீரைக் குறிப்பிடும் ஒவ்வொரு வரியிலும் அதனைத் தாங்கும் பலகையின் பெயரும் இருந்தாக வேண்டும். இப்பாடத்தின் மைய விதி இதுவே.

வெனீரையும் லேமினேட்டையும் ஒன்றாகக் கருதுதல் ஆகாது. லேமினேட் என்பது பிசினில் தோய்த்த காகித அடுக்குகளை அழுத்திச் செய்த தகடு. அதில் காணும் மரவரி அச்சிடப்பட்ட படம்.

வரியை மாற்றி எழுதுதல்

இனி அந்தப் பழைய குறிப்பைச் சொல் சொல்லாகப் பார்ப்போம். ‘ஷீஷம் மரக் கட்டில்’ என்பது, கட்டில் முழுவதும் ஷீஷம் என்ற பொருளையே வாங்குபவருக்குத் தரும். ‘தேக்கு ஃபினிஷ்’ என்று எழுதியவர் வண்ணத்தைக் கருதினார்; படிப்பவரோ தேக்கு மரத்தை நினைக்கிறார். ‘உயர்தர மரம்’ என்பதிலிருந்து எவரும் எதையும் அறிய இயலாது.

சிலர் ‘80 விழுக்காடு திடமரம்’ என்று எழுதி நேர்மையாக இருக்க முயல்கிறார்கள். அந்த விழுக்காடு எடையிலா, பரப்பிலா, விலையிலா? எந்தப் பகுதி அந்த எஞ்சிய 20 விழுக்காடு? விழுக்காடு இக்கேள்விகளுக்கு விடையளிக்காது. உறுப்புகளின் பட்டியலே அளிக்கும். ஆகவே கட்டிலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுவோம்:

தலைப்பு: சேமிப்புப் பெட்டியுடன் கூடிய கட்டில் – ஷீஷம் திடமரச் சட்டகம், வெனீர் ஒட்டிய எம்.டி.எஃப். தலைமாட்டுப் பலகை

கால்களும் பக்கச் சட்டங்களும்: ஷீஷம் திடமரம்.
தலைமாட்டுப் பலகை: 18 மி.மீ. எம்.டி.எஃப்.; முன்புறம் ஷீஷம் வெனீர், பின்புறம் வண்ணப்பூச்சு.
மெத்தைத் தளம்: 12 மி.மீ. பிளைவுட்.
சேமிப்புப் பெட்டியின் அடிப்பலகை: லேமினேட் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு.
வண்ணம்: தேக்கு நிறப் பாலிஷ். இக்கட்டிலில் தேக்கு மரம் பயன்படுத்தப்படவில்லை.

இந்த அமைப்பில் மூன்று செய்திகளைக் கவனிக்கலாம். முதலாவது, தலைப்பிலேயே இரண்டு பொருள்களும் வந்துவிட்டன. தலைப்பில் ‘ஷீஷம்’ என்று உயர்த்திவிட்டு, உண்மையைக் கடைசி வரியில் ஒளித்து வைத்தால், படிப்பவர் அங்குச் செல்லுமுன்பே முடிவெடுத்துவிடுவார். இரண்டாவது, மரத்தின் பெயர் வரும் இடமெல்லாம் ‘திடமரம்’ அல்லது ‘வெனீர்’ என்ற சொல் அதனை ஒட்டி வருகிறது. ‘ஷீஷம்’ என்பது எங்கும் தனித்து நிற்கவில்லை. மூன்றாவது, நிறம் தனி வரியில் இருக்கிறது. மரத்தின் பெயரால் நிறத்தைச் சொல்ல நேர்ந்தால், அந்த மரம் இல்லை என்பதையும் உடன் எழுத வேண்டும்.

மரத்தின் பெயரிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஷீஷத்தை ‘இந்திய ரோஸ்வுட்’ என்று எழுதுவோர் பலர். தமிழ்நாட்டு வாசகர் ரோஸ்வுட் என்றதும் நினைப்பது ஈட்டி மரத்தை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் வெவ்வேறு மரங்கள். ஷீஷத்தை ஷீஷம் என்றே எழுதுவது இருவருக்கும் நல்லது.

குணமும் எல்லையும்

பொருளின் பெயரைச் சொன்னபின், அது வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஓரிரு வரிகளில் சொல்ல வேண்டும். திடமரம் காற்றின் ஈரத்திற்கேற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும். நீளவாட்டில் அம்மாற்றம் மிகச் சிறிது. ஜோத்பூரின் வறண்ட காற்றில் செய்யப்பட்ட சாமான் மும்பையின் மழைக்காலத்தைச் சந்திக்கும்போது, இழுப்பறை சற்று இறுகலாம். இது மரத்தின் இயல்பு என்று முன்னரே எழுதியிருந்தால் புகார் எழாது. பின்னர் எழுதினால் அது சாக்குப்போக்காகத் தோன்றும். கீறல் விழுந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் பாலிஷ் இடலாம் என்பது திடமரத்தின் சிறப்பு.

எம்.டி.எஃப். அவ்வாறு எளிதில் விரிந்து சுருங்காது. அகன்ற தலைமாட்டுப் பலகைக்கு அது ஏற்றதாவது இதனால்தான். ஆனால் விளிம்பின் வழியே நீர் புகுந்தால் ஊதிவிடும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. பார்ட்டிக்கிள் போர்டும் அத்தகையதே. அதில் திருகாணியைப் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளரும். அடிக்கடி வீடு மாறுவோர் இதனை அறிந்திருக்க வேண்டும். வெனீர்ப் பரப்பை ஆழமாகத் தேய்த்தால் தோல் கிழிந்து உட்பலகை வெளிப்பட்டுவிடும். பிளைவுட்டைப் பொறுத்தவரை, அதன்மேல் உள்ள ஐ.எஸ். எண்ணை அப்படியே எழுதலாம். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டிற்குரியது; ஐ.எஸ். 710 ‘மரைன்’ வகைக்குரியது. முத்திரை இல்லாத பலகைக்கு இந்த எண்களை எழுதுதல் கூடாது.

விளிம்பின் படம்

எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கண் படத்தையே முதலில் நம்புகிறது. எனவே அழகான முன்தோற்றத்தோடு வேறு மூன்று படங்களையும் சேர்க்க வேண்டும்: தலைமாட்டுப் பலகையின் பின்விளிம்பு, மெத்தைத் தளத்தின் வெட்டுமுகம், காலின் அடிமுனை. காலின் அடியில் மேற்பரப்பின் மரவரி தொடர்ந்து வந்து முடிவது தெரியும், பிளைவுட்டின் விளிம்பில் அடுக்குகள் தெரியும், எம்.டி.எஃப். விளிம்பில் வரியே இராது. மும்பை வாடிக்கையாளர் கட்டிலைப் பெற்றபின் கண்டதை, பணம் செலுத்துமுன்பே காணச் செய்வதுதான் இதன் நோக்கம்.

சட்டமும் இதனையே எதிர்பார்க்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க இயலாது. தவறான விளம்பரத்திற்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

குறிப்பை வெளியிடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டிலைப் பார்த்திராத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, “இதில் நீர் படக்கூடாத பகுதி எது? கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யத் தக்க பகுதி எது?” என்று கேளுங்கள். அவர் தயங்காமல் தலைமாட்டுப் பலகையையும் பெட்டியின் அடியையும் முதற்கேள்விக்கும், கால்களையும் சட்டங்களையும் இரண்டாவதற்கும் விடையாகச் சொன்னால் குறிப்பு சரியாக அமைந்திருக்கிறது. தயங்கினால், அந்தத் தயக்கம் எழுந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். மரச்சாமான் வாங்கும் வாசகர்களும் இதே இரு கேள்விகளை விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம்; அந்த விடையைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும்.