தடைக்கால உறக்கமின்மையும் உறக்க மாத்திரையும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், நமது கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஓய்வு கிடைக்கும் இக்காலத்தில்தான் “இரவில் உறக்கம் வரவில்லை” என்று மீனவர் சிலர் எம்மிடம் வருகின்றனர். ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க விரும்புகிறோம்.

இராமேசுவரத்தில் விசைப்படகுத் தொழிலாளி ஒருவர். வயது ஐம்பத்திரண்டு எனக் கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் காலையில் டோக்கன் பெற்றுப் புறப்பட்டு, இரவெல்லாம் வலை இழுத்து, மறுநாள் காலை கரை திரும்புபவர். அன்று பகலில் உறங்குவார். அடுத்த இரவு வீட்டில் உறங்குவார். சென்ற ஆண்டுத் தடைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கே படுத்தார். நள்ளிரவு வரை உறக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. களைப்புத் தீர நண்பகலில் இரண்டு மணி நேரம் உறங்கினார். பிறகு யாரோ சொல்லக் கேட்டு 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரை ஒன்றை உண்ணத் தொடங்கினார். இன்று அது இரண்டாகிவிட்டது.

உறக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, உறக்கத்தின் தேவையை வளர்க்கிறது. மற்றொன்று, மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமசில் உள்ள உடல் கடிகாரம். அதன் சுற்று 24 மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால்தான் அது நாள்தோறும் திருத்தப்படுகிறது. ஒருநாள் இரவிலும் மறுநாள் பகலிலும் மாறி மாறி உழைப்பவரின் கடிகாரத்திற்கு நிலையான நேரமே அமைவதில்லை. நம்மவர் நண்பகலில் உறங்கியதால் முதல் விசையும் தளர்ந்தது.

உறக்கம் ஒரே சீராக இருப்பதன்று. மெல்லுறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் ஆகியவை அடங்கிய ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் நீடிக்கும். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமும், விடியும் வேளையில் கனவு உறக்கமும் மிகுதி. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் விரைவில் கண்ணை மூடச் செய்யும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைத்து, மெல்லுறக்கத்தையே நீட்டும். மணிக்கணக்கு கூடினாலும் காலையில் புத்துணர்வு இல்லாமற்போவது இதனால்தான்.

சில வாரங்களில் மூளை மாத்திரைக்குப் பழகிவிடும். ஒன்று போதாமல் இரண்டு வேண்டியதாகும். ஓரிரவு விட்டால் முன்பைவிடக் கடுமையான உறக்கமின்மை, படபடப்பு, கை நடுக்கம் தோன்றும். நம்மவருக்குக் கடலில் இருந்த இரவுகளில் கை நடுங்கியது; குளிரென்று நினைத்தார். இது நோய் திரும்பியதன் அடையாளமன்று. மருந்து விலகுவதன் விளைவு. எனவே இம்மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது. நாள்பட உண்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரக்கூடும்.

அவருக்கு நாம் வகுக்கும் முறை இது. ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து, ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார். ஆகவே படுக்கை நேரத்தையே ஐந்தரை மணியாகக் குறைக்கிறோம்: இரவு பதினொன்றரைக்குப் படுத்து, உறங்கினாலும் உறங்காவிட்டாலும் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். பகலுறக்கம் கூடாது. விடிந்ததும் அரை மணி நேரம் கடற்கரையில் நடக்க வேண்டும். படுத்தும் உறக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் அமர்ந்து, கண் சொக்கிய பிறகே படுக்கைக்குத் திரும்ப வேண்டும். ஒரு வாரம் சராசரியாக நான்கு மணி நாற்பது நிமிடத்திற்குக் குறையாமல் உறங்கினால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னுக்குக் கொண்டுவருகிறோம். இப்படியே வாரந்தோறும்.

முதல் இரு வாரம் பகலில் கண் சொருகும். கடலில் வின்ச்சுக்கு அருகே நிற்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆதலின் இம்முறையைத் தடைக்காலத்தில் தொடங்குவதே நன்று. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

மாத்திரையை இரு வாரத்திற்கு அரை மாத்திரை வீதம் குறைத்தால் இரண்டும் நிற்க எட்டு வாரம் ஆகும், தடைக்காலத்திற்குள் அடங்கும். நடுக்கம் மிகுந்தால் மருத்துவர் இன்னும் மெதுவாகக் குறைப்பார். படகு புறப்படும் நாளை எண்ணி அவசரப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு குறைப்பிற்குப் பின்னும் சில இரவுகள் உறக்கம் கெடும். “ஒன்று போட்டுக்கொள்ளுங்களேன்” என்று வீட்டார் இரக்கப்பட்டுச் சொல்வது அந்த இரவுகளில்தான்.

உறங்குபவர் உரத்த குறட்டைக்கிடையே மூச்சு நின்று திணறினால், அதை அருகில் படுப்பவரே காண முடியும், எம்மிடம் சொல்லுங்கள். அத்தகையோருக்கும், மது அருந்துவோருக்கும் இம்மாத்திரை மூச்சையே அடக்கிவிடக்கூடும். முதியவர்கள் மாத்திரை மயக்கத்தில் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. அவர்கள் என்ன உண்கின்றனர் என்று தெரியாவிட்டால், மாத்திரை அட்டையையே கையோடு எடுத்து வாருங்கள்.