சாக்கடை அடைப்புக்கு மனு: இடமும் பரிகாரமும் தெளிவாக இருக்கட்டும்

கேள்வி: எங்கள் தெருவின் திறந்த சாக்கடை பல மாதங்களாக அடைத்துக்கொண்டு, கழிவுநீர் ரோட்டில் தேங்கி நிற்கிறது. ‘எங்கள் தெருவில் சாக்கடை சரியில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனு கொடுத்தோம். பணியாளர்கள் வந்து கொஞ்சம் மண்ணை அள்ளிக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் பழைய நிலைதான். கேட்டால், “உங்கள் மனு மீது நடவடிக்கை எடுத்து முடித்துவிட்டோம்” என்கிறார்கள். தெருமுனையில் ஒரு கடைக்காரர் சாக்கடை மேல் சிமென்ட் படி கட்டியிருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது, இந்தப் பக்கம் தேங்குகிறது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் மனுவை மாற்றி எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை’ என்று மட்டும் கேட்டால், இரண்டு கூடை மண்ணை அள்ளியதும் நடவடிக்கைதான். அலுவலகம் கோப்பை முடித்துவிடும், நீங்களும் மறுத்துப் பேச முடியாது. எந்த இடத்தில், எது, எப்படிச் சரிசெய்யப்பட வேண்டும் என்று எழுதினால், அது நடந்ததா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பரிகாரம் கேட்பதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். தூர்வாரிய சில நாட்களிலேயே தண்ணீர் மறுபடி தேங்கினால் கோளாறு வண்டலில் மட்டும் இல்லை. வாட்டம் கெட்டிருக்கலாம், அல்லது நடுவில் ஏதோ தடுத்துக்கொண்டிருக்கலாம். படிக்கு ஒரு பக்கம் ஓட்டமும் மறுபக்கம் தேக்கமும் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தடுப்பு அந்தப் படிக்கு அடியில்தான் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் கோரிக்கை இரண்டாகப் பிரிகிறது. தூர்வாருவது நகராட்சியின் சுகாதாரப் பிரிவு வேலை. ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்றுவதற்குப் பொறியியல் பிரிவோ நகரமைப்புப் பிரிவோ வர வேண்டும். ஒரு பிரிவு மட்டும் வந்துபோனால் உங்கள் பிரச்சினை தீராது. அதனால் இரண்டையும் ஒரே மனுவில் தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள்.

மனு இப்படி இருக்கலாம்:

> அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: ஆணையாளர் அவர்கள், ……… நகராட்சி
>
> பொருள்: 12-வது வார்டு, மேற்குத் தெரு – சாக்கடை அடைப்பு – தூர்வாரி, ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: எங்கள் முந்தைய மனு, நாள் ………
>
> ஐயா / அம்மா,
>
> மேற்படி தெருவின் வடபுறச் சாக்கடையில், கதவு எண் 14 முதல் 22 வரை சுமார் 40 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் தேங்கிச் சாலையில் வழிகிறது. கதவு எண் 22-க்கு எதிரே, சிறுபாலத்துக்கு முன்பு, சாக்கடையின் மேல் கட்டப்பட்டுள்ள சிமென்ட் படிக்கு அடியில் நீரோட்டம் தடைபட்டுள்ளது. முந்தைய மனுவின் பேரில் அள்ளப்பட்ட வண்டல் கரையிலேயே விடப்பட்டதால் மீண்டும் உள்ளே சரிந்துவிட்டது. எனவே,
>
> 1. மேற்படி 40 மீட்டரையும் சிறுபாலத்தின் அடிப்பகுதியையும் முழுமையாகத் தூர்வாரவும்,
> 2. அள்ளிய வண்டலை அன்றே வண்டியில் அப்புறப்படுத்தவும்,
> 3. சாக்கடையை மறைக்கும் படியை அளந்து பார்த்து, ஆக்கிரமிப்பு எனில் சட்டப்படி அகற்றவும்,
> 4. எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: புகைப்படங்கள், முந்தைய மனுவின் நகல்.
>
> இடம், நாள், கையொப்பம்.

கடைக்காரரைப் பற்றிக் குறை எதுவும் எழுத வேண்டாம். படி இருக்கும் இடத்தைச் சொன்னால் போதும். அது ஆக்கிரமிப்பா என்று அளந்து முடிவு செய்வது நகராட்சியின் பொறுப்பு.

உங்களுடையது திறந்த சாக்கடை; இதே பிரச்சினை பாதாளச் சாக்கடையில் என்றால், இயந்திரம் கொண்டு அடைப்பு எடுக்கும்படி கேட்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மற்ற மனுக்களுக்கும் இதே முறைதான்: தெருவிளக்குக்கான மனு என்றால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண், விளக்கு எரியாத நாள் இரண்டும் வேண்டும். பல்பு போய்விட்டதா, வயர் அறுந்ததா, கம்பமே சாய்ந்துவிட்டதா என்பதையும் எழுதுங்கள். விளக்கைப் பராமரிப்பது நகராட்சி. கம்பமும் மின்கம்பியும் பெரும்பாலும் மின்வாரியத்துக்குச் சொந்தம். எதில் பழுது என்று எழுதாவிட்டால் இரண்டு அலுவலகங்களும் மாறி மாறிக் கைகாட்டும்.

மனுவை இரண்டு பிரதியாக எடுத்துச் சென்று, ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புதல் அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் ஒரு நகலைக் கொடுக்கலாம். அந்த மனுவும் நகராட்சிக்குத்தான் திரும்பி வரும் என்றாலும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும்.

ஒரு மாதத்தில் வேலை நடக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவின் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அதில் “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் அவர் தர முடியும். உங்கள் மனு எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், படிக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதன் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல இடங்களில் இந்த விண்ணப்பம் போன பிறகுதான் தூர்வாரும் ஆட்கள் தெருவுக்கு வருகிறார்கள்.

அப்படியும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுமக்களுக்குத் தொல்லை தரும் நிலையை நீக்க நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவாக இருந்தது இதுதான். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் திறந்த சாக்கடைக்காக இந்த வழியில்தான் போனார்கள். பணமில்லை என்றது நகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-இல் எழுதிய தீர்ப்பு, நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று அறுதியிட்டுச் சொன்னது. உங்கள் விண்ணப்பத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

கடைசி வழி, உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும், அவர் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ட் உத்தரவிடும். பல வழக்குகளில் ‘மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்பதோடு உத்தரவு முடிந்துவிடுகிறது. அப்போது அதிகாரி கையில் எடுப்பது உங்கள் மனுவைத்தான். அதில் ‘தக்க நடவடிக்கை’ என்று மட்டும் இருந்தால், கோர்ட் உத்தரவு வாங்கியும் இரண்டு கூடை மண்தான் அள்ளப்படும்.

ஆகவே பழைய மனுவை நம்பிக் காத்திருக்காதீர்கள். தெருவை ஒருமுறை நடந்து அளந்து, படம் எடுத்து, புதிய மனுவை இந்த வாரமே கொடுங்கள். முத்திரை போட்ட அந்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு வழிக்கும் அதுதான் முதல் ஆவணம்.